அடுத்தது முந்தையதில் எத்தனை பங்கு?

ஒரு வகுப்பில் 64 பேர் எழுந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு ரூபாய் நாணயம். தலை விழுகிற வரை சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விழுந்ததும் உட்கார்ந்துவிடலாம். உட்காருவதற்குள் ஒருவர் சராசரியாக எத்தனை முறை சுண்டியிருப்பார்?

நாணயம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது என்று வைத்துக்கொண்டால், முதல் முறையிலேயே பாதிப் பேர், அதாவது 32 பேர், உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சம் 32 பேரில் பாதி, 16 பேர், இரண்டாவது முறையில் உட்காருவார்கள். மூன்றாவதில் 8 பேர், நான்காவதில் 4, ஐந்தாவதில் 2, ஆறாவதில் ஒருவர். கூட்டிப் பாருங்கள்: 32 பேர் ஒரு முறை, 16 பேர் இரண்டு முறை, 8 பேர் மூன்று முறை, இப்படியே போனால் 32 + 32 + 24 + 16 + 10 + 6 = 120 முறை. 64 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 1.875. ஆனால் கணக்கு முடியவில்லை. ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு ஆறு முறையும் பூதான். அவர் ஏழாவதில் உட்காரலாம், இருபதாவதில் உட்காரலாம், யார் கண்டது?

வகுப்பில் எத்தனை பேர் என்பதை மறந்துவிட்டு இதையே பொதுவாக எழுதினால் இந்தத் தொடர் வரும்:

1/2 + 2/4 + 3/8 + 4/16 + 5/32 + 6/64 + …

n-ஆவது முறையில் உட்காருகிறவர்களின் பங்கு 1/2ⁿ. அவர்கள் ஒவ்வொருவரும் சுண்டியது n முறை. ஆகவே n-ஆவது உறுப்பு n/2ⁿ. மேலே போட்ட 1.875 என்பது முதல் ஆறு உறுப்புகளின் கூடுதல்தான். மூன்று புள்ளி வைத்து விட்டுவிட்ட இடத்தில் முடிவில்லாத உறுப்புகள் காத்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் கூடுதல் ஏதாவது ஓர் எண்ணில் போய் அடங்குமா, அல்லது கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகுமா? அடங்கினால் தொடர் ஒருங்குகிறது என்பார்கள். அடங்காவிட்டால் விரிகிறது என்பார்கள்.

கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி உண்டு: ‘உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன. ஆகவே தொடர் ஒருங்கும்.’ எழுதியவர் மேல் கோபமே வராது. சேர்க்கப்படுவது சிறுத்துக்கொண்டே போனால் மொத்தம் எங்காவது நின்றுதானே ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது தப்பு.

1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத் தொடரைப் பாருங்கள். இதன் உறுப்புகளும் பூச்சியத்தை நெருங்குகின்றன. ஆனால் 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகளை, 1/5 முதல் 1/8 வரை, சேர்த்தால் மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டைச் சேர்த்தாலும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே இருந்தால் எந்த வேலியும் தாங்காது. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஓரெம் சொன்ன வாதம் இது. தொடர் ஏறும் வேகம் மட்டும் ஆமை வேகம். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐ எட்டாது. 100-ஐத் தாண்ட வேண்டுமானால் தேவைப்படும் உறுப்புகளின் எண்ணிக்கையே 44 இலக்கங்கள் கொண்டது. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கிறவர் இது 15-க்குள் நின்றுவிடும் என்று சத்தியமே செய்வார்.

ஆக, உறுப்பு எவ்வளவு சிறியது என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு வேகமாகச் சிறுக்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு எளிய வழி, ஒவ்வொரு உறுப்பையும் அதற்கு முந்தைய உறுப்போடு ஒப்பிடுவது. அடுத்தது முந்தையதில் எத்தனை பங்கு? விகிதச் சோதனை என்பது இந்த ஒரு கேள்விதான்.

நம் தொடரில் போட்டுப் பார்ப்போம். n-ஆவது உறுப்பு n/2ⁿ. அதற்கு அடுத்தது (n+1)/2ⁿ⁺¹. அடுத்ததை முந்தையதால் வகுக்க வேண்டும். மேலேயுள்ள 2ⁿ⁺¹ என்பது 2ⁿ-ஐ இன்னொரு இரண்டால் பெருக்கியது. ஆகவே 2ⁿ அடிபட்டு ஒரு 2 மட்டும் கீழே மிஞ்சும். விகிதம் (n+1)/(2n). இதையே 1/2 × (1 + 1/n) என்று எழுதினால் கதை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அரை என்பது 2ⁿ கொண்டுவந்தது. ஒவ்வொரு அடியிலும் அது பாதியாக்குகிறது, சளைப்பதில்லை. (1 + 1/n) என்பது மேலேயுள்ள n கொண்டுவந்தது. அது உறுப்பைப் பெரிதாக்கப் பார்க்கிறது, ஆனால் போகப்போகச் சோர்ந்துவிடுகிறது. 1-லிருந்து 2-க்குப் போவது இரண்டு மடங்கு. 10-லிருந்து 11-க்குப் போவது வெறும் பத்து சதவீதம். 100-லிருந்து 101-க்குப் போவது ஒரு சதவீதம்.

எண்களாகப் பார்த்தால் n = 1-இல் விகிதம் 1. முதல் இரண்டு உறுப்புகளும் சமம், இரண்டுமே அரை. அப்புறம் 3/4, 2/3, 5/8 என்று இறங்கி, n = 10-இல் 0.55, n = 100-இல் 0.505. எல்லை 1/2. அது 1-க்குக் குறைவு. ஆகவே தொடர் ஒருங்கும்.

இங்கே பல மாணவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். 1-க்குக் குறைவு என்றால் ஏன் ஒருங்கவேண்டும் என்று கேட்டால் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பார்கள். காரணம் ஒன்றும் ஒளித்துவைக்கப்பட்டதல்ல. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்தான். ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைப் போல் r பங்கு, r என்பது 1-க்குக் குறைவு என்றால், முடிவில்லாத கூடுதல் a/(1–r). நம் தொடர் பெருக்குத் தொடர் அல்ல. விகிதம் ஒவ்வொரு அடியிலும் மாறுகிறது. ஆனால் இரண்டாவது உறுப்பிலிருந்து பார்த்தால் எந்த விகிதமும் 3/4-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே அங்கிருந்து நம் தொடர், 1/2-இல் தொடங்கி 3/4 பங்காகக் குறையும் பெருக்குத் தொடருக்கு அடியிலேயே ஊர்கிறது. அந்தப் பெருக்குத் தொடரின் கூடுதல் 1/2-ஐ 1/4-ஆல் வகுத்தால் வரும் 2. விட்டுவைத்த முதல் உறுப்பு அரையையும் சேர்த்தால் 2.5. வேலி போட்டாகிவிட்டது. முடிவில்லாத உறுப்புகள் அத்தனையையும் சேர்த்தாலும் கூடுதல் 2.5-ஐத் தாண்டாது.

வேலியை இன்னும் நெருக்கியும் போடலாம். நான்காவது உறுப்பான 1/4-இலிருந்து விகிதம் 5/8-க்கு மேல் போகாது. 1/4-ஐ 3/8-ஆல் வகுத்தால் 2/3. முதல் மூன்று உறுப்புகளின் கூடுதல் 1.375. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2.042. பத்தாவது உறுப்பிலிருந்து வேலி போட்டால் மேல்வரம்பு 2.0003-க்குக் கீழே வந்துவிடும். விகிதம் எப்போதும் அரைக்கு மேல்தான் என்பதால் அதே இடத்தில் ஒரு கீழ்வரம்பும் கிடைக்கிறது: 1.998. ஒன்பது உறுப்புகளைக் கையால் கூட்டிவிட்டு, மிச்சமிருக்கும் முடிவிலியை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே அடைத்துவிட்டோம்.

விடை 2-ஆகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போது தோன்றும். அதுதான். 1350 வாக்கில் ஆக்ஸ்ஃபர்டில் ரிச்சர்ட் ஸ்வைன்ஸ்ஹெட் இதை நிறுவினார். ஓரெம் படம் போட்டே காட்டினார். படத்தின் சாரத்தை நம் வகுப்பறையிலேயே பார்க்கலாம். ஆள் ஆளாக எண்ணாமல் சுற்றுச் சுற்றாக எண்ணுங்கள். முதல் சுற்றில் 64 பேரும் சுண்டுகிறார்கள். இரண்டாவதில் 32 பேர். மூன்றாவதில் 16. ஆக 64 + 32 + 16 + 8 + … என்ற பெருக்குத் தொடர், கூடுதல் 128. தலைக்கு இரண்டு முறை.

இப்படி ஒரு தந்திரம் கையில் இருக்கும்போது விகிதச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். எல்லாத் தொடருக்கும் தந்திரம் கிடைக்காது என்பதற்காகத்தான். n-க்குப் பதிலாக n¹⁰⁰ போடுங்கள்: n¹⁰⁰/2ⁿ. முதல் உறுப்பு அரை. இரண்டாவதே 30 இலக்க எண். பத்து, இருபது, நூறு உறுப்பு போனாலும் மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கூட்டிப் பார்க்கிறவர் இது விரி தொடர் என்று அடித்துச் சொல்லுவார். ஆனால் விகிதத்தைப் பாருங்கள்: 1/2 × (1 + 1/n)¹⁰⁰. நூறாவது படி எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும், n பெரிதாகப் பெரிதாக அடைப்புக்குறிக்குள் இருப்பது 1-ஐ நெருங்குகிறது. 1-ஐ நூறு முறை பெருக்கினாலும் 1-தான். எல்லை அதே 1/2. தொடர் ஒருங்கும். 144-ஆவது உறுப்பில் உச்சிக்குப் போகிறது, அங்கே அது 173 இலக்க எண். அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கி, இறக்கம் நிற்பதே இல்லை. தொடரின் தலையெழுத்தை முதல் நூறு உறுப்புகள் எழுதுவதில்லை, வால்தான் எழுதுகிறது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்றைக் கையில் எடுத்தவர் பிரான்சின் டாலம்பேர். இந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. பிறந்த சில நாளில் பாரிஸில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் விட்டுச்செல்லப்பட்ட குழந்தை அவர். பின்னாளில் தீதரோவோடு சேர்ந்து பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். 1768-இல் வெளிவந்த கட்டுரையில், ஈருறுப்புத் தேற்றப்படி (1 + 200/199)-இன் வர்க்கமூலத்தைத் தொடராக விரித்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். உண்மையான விடை ஏறக்குறைய 1.416. தொடரின் உறுப்புகள் கூட்டலும் கழித்தலுமாக மாறிமாறி வந்து, அளவில் சிறுத்துக்கொண்டே போகின்றன. நூறு, இருநூறு உறுப்பு வரை பரம சாதுவாக 1.416-ஐச் சுற்றி அமைகிறது. 300-ஆவது உறுப்புக்கு அருகில் உறுப்பின் அளவு 0.00024 அளவுக்கு வந்துவிடும். அங்கே ஒரு திருப்பம். அதற்கப்புறம் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரிது. 5000-ஆவது உறுப்பை எட்டும்போது ஒற்றை உறுப்பே 60,000-ஐத் தாண்டிவிடும். இருநூறாவது உறுப்பில் நிறுத்தியவருக்கு இது கனவிலும் தெரியாது. விகிதத்தை எழுதிப் பார்த்திருந்தால் ஒரே வரியில் தெரிந்திருக்கும்: குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்தால் அதன் எல்லை 200/199. 1-க்கு மேல் இம்மியளவு, ஆனால் மேல். அரை நூற்றாண்டு கழித்து, 1821-இல் கோஷி தன் பாடநூலில் இந்தச் சோதனைக்கு முறையான நிறுவலைக் கொடுத்தார்.

சோதனை வாய் திறக்காத இடமும் ஒன்று உண்டு. எல்லை சரியாக 1 என்றால் அது எதுவும் சொல்லாது. இசைத் தொடரில் விகிதம் n/(n+1). எப்போதும் 1-க்குக் குறைவு, ஆனால் எல்லை 1. அது விரிகிறது. 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரிலும் எல்லை 1. ஆனால் அது ஒருங்கி π²/6-இல் போய் நிற்கிறது. ஒரே எல்லை, இரண்டு விதமான முடிவு. பெருக்குத் தொடர் வேலியை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எல்லை 1/2 என்றால் 1/2-க்கும் 1-க்கும் நடுவில் 3/4 என்று ஒரு கம்பை ஊன்ற இடமிருக்கிறது. எல்லையே 1 என்றால் கம்பு ஊன்ற இடமே இல்லை. கேரளத்தின் சங்கமகிராம மாதவரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1 – 1/3 + 1/5 – 1/7 + … என்ற தொடரும் (கூடுதல் π/4) இந்த ரகம்தான். ஒருங்குகிறது, ஆனால் விகிதச் சோதனையால் அதைச் சொல்ல முடியாது. அங்கெல்லாம் வேறு சோதனையைத் தேடவேண்டும்.

இதனால்தான் ‘ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடச் சிறியது, ஆகவே விகிதம் 1-க்குக் குறைவு, ஆகவே ஒருங்கும்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. பார்க்கவேண்டியது விகிதத்தை அல்ல, விகிதத்தின் எல்லையை. இன்னொரு தப்பு இதைவிட அற்பமானது, ஆனால் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. n இருக்கும் இடத்திலெல்லாம் n+1 போடவேண்டும் என்று தெரிந்தும், அவசரத்தில் 2-இன் தலையில் உட்காரவேண்டிய +1 வழுக்கிக் கீழே விழுந்து 2ⁿ + 1 ஆகிவிடும். அப்படிப் போட்டால் n/2ⁿ-க்கே எல்லை 1 என்று வரும். சோதனை பேசவில்லை என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அடுக்குக்குறி உள்ள தொடரில் எல்லை 1 என்று வந்தால் முதலில் அந்த +1 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

விகிதத்தின் எல்லை ஒருங்குமா என்பதோடு எவ்வளவு வேகமாக ஒருங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது. எல்லை 1/2 என்றால் பிழை ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய பாதியாகும். ஒரு தசம இலக்கம் கூடுதலாகச் சரியாவதற்கு மூன்று நான்கு உறுப்புகள் வேண்டும். மாதவர் தொடரில் எல்லை 1 என்பதால் நத்தை வேகம். 1914-இல் ராமானுஜன் வெளியிட்ட 1/π தொடர்களில் ஒன்றை எடுத்து அதே விகிதத்தைப் போட்டால் எல்லை 1/99⁴ என்று வருகிறது. 99⁴ என்பது 9,60,59,601, கிட்டத்தட்ட பத்துக் கோடி. ஒவ்வொரு உறுப்பும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. முதல் உறுப்பு மட்டுமே 3.1415927 வரை தந்துவிடுகிறது. 1985-இல் பில் கோஸ்பர் இந்தத் தொடரைக் கணினியில் ஓட்டி π-க்கு ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்கள் எடுத்தார்.

ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் n²/2ⁿ-ஐப் போட்டுப் பாருங்கள். விகிதம் எழுதுங்கள், எல்லை எடுங்கள், பிறகு ஒரு இருபது உறுப்புகளைக் கூட்டுங்கள். எல்லை மறுபடியும் 1/2, கூடுதல் 6-ஐ நெருங்கும். உங்களுக்கு எல்லை 1 என்று வந்தால் அந்த +1 மறுபடியும் வழுக்கி விழுந்திருக்கிறது.